அப்பத்தா எழுதுன அதிரச போஸ்ட் கார்டு, போட்டோ போட்டிருக்கேன், கொஞ்சம் உதவுங்க

செல்லூர்க்காரி
அம்மா வீட்டுப் பரண்ல டிரங்குப் பெட்டியைக் கிளறும்போது கிடைச்சுச்சு. அப்பத்தா எங்க பெரியத்தைக்கு எழுதின கார்டு. முத்திரைல 1961 மட்டும் தெரியுது. எண்ணெய்க் கறை, மடிப்பு, பின்பக்க விலாசத்து மை வேற இந்தப் பக்கம் ஊறித் தெரியுது. தீபாவளிக்கு இதை வச்சுத்தான் செய்யணும்னு ஆசை. போட்டோ கீழ இருக்கு. உதவுங்க.

வைகைக்கரை
டைப் பண்ணித் தரணும், அதானே? கண்ணை இடுக்கிப் படிச்சதுல இவ்வளவு வந்துச்சு:

2 அதிரசம்
பச்சரிசி 1 படி
வெல்லம் 30 படி
எள் ½ படி
சுக்கு கொஞ்சம்
தண்ணீர் 1 ஆழாக்கு
அரிசியை ஊற வச்சு நிழலில் உலர்த்தி ஈரம் இருக்க இடிக்கவும். பாகு உருண்டு வரவும் இறக்கி மாவைத் தூவிக் கிளறவும். 3 நாள் கழிச்சு எண் காயவும் தட்டிப் போடவும். 90 வரும்.

மணி ஆரப்பாளையம்
தீபாவளின்னு சொல்லியிருக்காங்க, அப்ப அளவைக் கூட்டத்தான் கேக்குறாங்க. அக்கம்பக்கம், சொந்தக்காரங்கன்னு 270 ஆவது வேணும். மூணால பெருக்கிக்கங்க. அரிசி 3 படி, வெல்லம் 90 படி, எள் ஒண்ணரைப் படி. கீழமாசி வீதில மொத்தமா வாங்கினா விலை குறையும்.

தினைச்சோறு
இந்தக் காலத்துல யாருங்க பச்சரிசில செய்றாங்க? தினை மாவு போடுங்க, வெல்லத்துக்குப் பதிலா கருப்பட்டி. சுகர் இருக்கிறவங்களும் பயமில்லாம சாப்பிடலாம். எண்ணெய்ல பொரிக்காம பணியாரக் கல்லுல ஊத்தினா இன்னும் நல்லது. முழு செய்முறை வேணும்னா தர்றேன்.

வாடிப்பட்டி வாத்தியார்
தம்பி மணி, 90 படி வெல்லத்துக்கு லாரி பிடிக்கணும்யா.

பாப்பா என்ன கேக்குதுன்னே தெரியாம மூணு பேரு மூணு திசைல போறீங்க. எழுத்தைப் படிச்சுக் கேக்குதா, அளவை மாத்தக் கேக்குதா, சாமானை மாத்தக் கேக்குதா? எதுவா இருந்தாலும் முதல்ல கார்டுல என்ன இருக்குன்னு முடிவாகணும். தப்பாப் படிச்சதை மூணால பெருக்கினா தப்பும் மூணு மடங்காகும்.

மேல இருக்கிறது 2 இல்லை, பிள்ளையார் சுழி. அந்தக் காலத்துல மளிகைச் சிட்டைக்கே ‘உ’ போட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. தமிழ்ல 2ங்கிற எண்ணும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான், ஆனா கீழ 1, 30, 90 எல்லாம் இங்கிலீஷ் எண்ணா இருக்கையில அது மட்டும் தமிழ் எண்ணா வராது.

அடுத்தது, கார்டுல எங்கயும் ‘படி’ன்னு எழுதலை. வெறும் ‘ப’தான் இருக்கு. அரிசிக்கு ‘ப’ன்னா படி. வெல்லத்துக்கு ‘ப’ன்னா பலம். அரிசியை அளந்தாங்க, வெல்லத்தை நிறுத்தாங்க. கிலோ 1958லருந்து கொஞ்சங்கொஞ்சமா வந்துச்சு, ஆனா வீட்டுப் பொம்பளைக வாயில பலமும் வீசையும் ரொம்ப வருஷம் ஓடுச்சு. ஒரு பலம் 35 கிராம்னு வச்சுக்கங்க. நாப்பது பலம் ஒரு வீசை.

‘எண் காயவும்’ இல்லை, ‘எண்ணை காயவும்’. பழைய ‘ணை’ யானைத் துதிக்கை மாதிரி முன்னாடி ஒரு சுழி போட்டு ஒரே எழுத்தா இருக்கும். 1978ல எழுத்தைச் சீர்திருத்தினப்ப அது போயிருச்சு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போனவங்களுக்கு அது எழுத்தாவே தெரியாது, கிறுக்கல்னு விட்டுருவாங்க.

வைகைக்கரை
சரிங்கய்யா, மாத்திட்டேன். ‘எண்ணெய்’னு சரியா எழுதிட்டேன்.

வாடிப்பட்டி வாத்தியார்
அதையும் செய்யாதே. அவங்க ‘எண்ணை’ன்னு எழுதினா ‘எண்ணை’ன்னே இருக்கட்டும். ‘ப’ன்னு இருந்தா ‘ப’ன்னே அடி. நாம புரிஞ்சுக்கிட்டதைத் தனியாக் கீழ எழுது. நாளைக்கு நாம தப்புன்னு தெரிஞ்சா திரும்பிப் போய்ப் பாக்க மூலம் வேணும்ல.

செல்லூர்க்காரி
மன்னிச்சிருங்க, நான்தான் சரியாச் சொல்லலை. ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, எழுத்து அப்படியே டைப்ல. அத்தை மகள்க எல்லாத்துக்கும் அனுப்பணும். ரெண்டு, நாங்க வீட்ல மூணே பேரு, 90 அதிரசத்தை என்ன செய்ய? கால்வாசியாக் குறைக்கணும். சாமான் எதையும் மாத்த வேணாம். அப்பத்தா ருசிதான் வேணும்.

இன்னொண்ணு, வெல்லத்துக்கு 30னு போட்டிருக்கீங்க. எனக்கு 20 மாதிரியும் தெரியுது. அந்த இடத்துல கறை.

மணி ஆரப்பாளையம்
கால்வாசியா? நான் என்னவோ கல்யாண வீடுன்னு நினைச்சுட்டேன்.

திருநகர் சமையல்
நான் இருவது வருஷமா சீருக்கு அதிரசம் செஞ்சு குடுக்குறேன். 20ஆ 30ஆன்னு எழுத்தை உத்துப் பாக்க வேணாம், கணக்கே சொல்லிரும்.

அதிரசத்துல வெல்லத்துக்கு ஓர் எல்லை இருக்கு. ஒரு கிலோ அரிசிக்கு 700லருந்து 850 கிராம் வரைக்கும் போகலாம், வெல்லத்தைப் பொறுத்து. அதுக்குக் கீழ போனா காஞ்ச ரொட்டி மாதிரி ஆகும். மேல போனா எண்ணெய்ல போட்டதும் பிரிஞ்சு நுரைச்சுக் கரைஞ்சு போகும். அப்ப உங்க அப்பத்தா படி எவ்வளவு அரிசி பிடிக்கும்னு தெரிஞ்சாப் போதும். படின்னா ஊருக்கு ஒண்ணு. எங்க அம்மா பிறந்த ஊர்ல சின்னப் படி, பட்டணம் படில பாதிதான் இருக்கும். வீட்ல அந்தப் படி இருக்கா?

செல்லூர்க்காரி
இருக்குக்கா! பித்தளைப் படி. அம்மா சில்லறைக் காசு போட்டு வச்சிருக்காங்க.

திருநகர் சமையல்
காசைக் கொட்டிட்டுக் கழுவி, பச்சரிசியைத் தலை தட்டி அளந்து தராசுல போடுங்க. கோபுரமாக் குவிக்காதீங்க, அதுலயே நூறு கிராமுக்கு மேல வித்தியாசம் வந்துரும். தண்ணி ஊத்தியும் எவ்வளவு பிடிக்குதுன்னு பாருங்க.

அபுதாபி கோமதி
நடுவுல வர்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கும் அதிரசம் எண்ணெய்ல கரைஞ்சு போகுது! மூணு வருஷமா. இங்க சுலபமாக் கிடைக்கிறது பாக்கெட் பச்சரிசி மாவுதான். வெல்லம் சரியான அளவுதான் போடுறேன். யாராவது சொல்லுங்களேன், போன தீபாவளிக்கு மாமியார் முன்னாடி அசிங்கமாப் போச்சு.

வாடிப்பட்டி வாத்தியார்
கோமதி, மாவு கிலோவுக்கு வெல்லம் முக்கால் கிலோ. அதுல மாறாதே.

திருநகர் சமையல்
ஐயா எழுத்துல சொன்னதெல்லாம் சரி, இது சரியில்லைங்க. முக்கால் கிலோ வெல்லம்கிறது அரிசி கிலோவுக்கு. ஊறின அரிசி தண்ணி குடிச்சு எடை கூடிரும். ஒரு கிலோ அரிசியை ஊற வச்சு இடிச்சா ஒண்ணேகால் கிலோ கிட்ட ஈர மாவு வரும். அந்த ஈர மாவை நிறுத்து அதுக்கு முக்கால் பங்குன்னு போட்டா வெல்லம் கூடிப் போகும். அதனால அரிசியை ஊற வைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துருங்க, அதுக்கப்புறம் மாவைத் தராசு பக்கமே கொண்டு போகாதீங்க.

கோமதி, உங்களுக்குக் கோளாறு வேற இடத்துல. பாக்கெட் மாவு காஞ்ச மாவு. அது பாகுல இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் குடிச்சுட்டு ஒட்டாம நிக்கும். ஈர மாவுன்னா உள்ளங்கையில அமுக்கினாப் பிடிபடணும், விரலால தட்டினா உதிரணும். அங்க பச்சரிசி கிடைக்கும்ல? ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, தண்ணி நல்லா வடிய விட்டு, துணில நிழல்ல ஒரு கால் மணி நேரம் பரப்புங்க. கையில எடுத்தா ஈரம் ஒட்டக் கூடாது, ஆனா அரிசி குளிர்ச்சியா இருக்கணும். அப்ப மிக்ஸில கொஞ்சங்கொஞ்சமா அரைச்சு சலிச்சிருங்க. ஏசி ரூம்ல பரப்பாதீங்க, நொடில காஞ்சிரும்.

அபுதாபி கோமதி
ஏசி ரூம்லதான் பரப்புவேன், அதுவும் ஒரு நாள் பூரா… ஒரு வருஷம் பாக்கெட், ஒரு வருஷம் ஏசி.

தினைச்சோறு
நான் சொன்னதை யாருமே கண்டுக்கலையே. சுகர் உள்ளவங்க வீட்ல இருந்தா என்ன பண்ணுவீங்க?

திருநகர் சமையல்
தம்பி, தினை அதிரசம் நல்லாத்தான் வரும், நானே செஞ்சிருக்கேன். ஆனா கருப்பட்டிப் பாகும் சர்க்கரைதான், வெல்லப் பாகும் சர்க்கரைதான். சுகர்காரங்களுக்கு ‘பயமில்லாம’ன்னு சொல்லாதீங்க, நம்பி நாலு எடுத்துருவாங்க. அப்புறம் பணியாரக் கல்லுல ஊத்தினா அது பணியாரம்.

செல்லூர்க்காரி
அளந்துட்டேன்க்கா. தண்ணி ஒரு லிட்டர் பாட்டில் முழுசாப் போயி இன்னும் 600 மில்லி கிட்டப் பிடிச்சுச்சு. பச்சரிசி தலை தட்டி 1 கிலோ 340 கிராம்.

வாடிப்பட்டி வாத்தியார்
அது பெரிய படி. அப்ப ஆழாக்கும் பெருசுதான், எட்டுல ஒண்ணு. 200 மில்லி.

திருநகர் சமையல்
இப்பப் பாருங்க. 20 பலம்னா வெல்லம் 700 கிராம். 1340 கிராம் அரிசிக்கு 700 வெல்லம்னா பாதிக்குக் கொஞ்சம் மேல. அது அதிரசமே ஆகாது, பாகு மாவுக்குக் காணாது. 30 பலம்னா 1050 கிராம். கிலோ அரிசிக்கு 780 கிராம் மாதிரி வருது. நான் கையால போடுற அளவு அதேதான்.

இன்னொரு சாட்சியும் கார்டுலயே இருக்கு, ‘90 வரும்’. ஈர மாவும் பாகும் சேர்ந்து ரெண்டே முக்கால் கிலோவுக்கு மேல மாவு வரும். சின்ன எலுமிச்சை அளவு உருட்டினா ஒண்ணு 30 கிராம். தொண்ணூத்தி சொச்சம். உடைஞ்சது, பிள்ளைக தின்னது போக 90.

வாடிப்பட்டி வாத்தியார்
பலே. கணக்கு வாத்தியார் நான், போடுறது நீங்க.

பாப்பா, கணக்கு சரியா வந்தாலும் கார்டை இன்னொரு தடவை போட்டோ எடு. ஃபிளாஷ் வேணாம். காலைல ஜன்னலோரமா தரையில வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி எடு. பேனாவை அழுத்தி எழுதியிருந்தா மை போனாலும் பள்ளம் நிழலாத் தெரியும்.

செல்லூர்க்காரி
எடுத்துட்டேன், ரெண்டாவது போட்டோ பாருங்க. 30தான்! மூணோட கீழ் வளைவு கறைக்குள்ள பள்ளமாத் தெரியுது. ஆனா அடுத்த வரி இப்ப குழப்பமாயிருச்சு. ‘எள்’னு நினைச்சோம்ல, அது ‘ஏல’ மாதிரியும் இருக்கு. புள்ளி எங்கயுமே வைக்கலை அப்பத்தா. முதல் எழுத்துக்குக் கீழ இருக்கிறது கோடா, விலாசத்து மை ஊறினதான்னு தெரியலை.

வைகைக்கரை
அரை பலம்னா 17 கிராம். ஒண்ணேகால் கிலோவுக்கு மேல அரிசிக்கு 17 கிராம் ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இருக்குமே?

திருநகர் சமையல்
தோலோட நிறுத்தா அதிகம் இல்லை, தோல் எடுத்தா கொறைஞ்சிரும். 17 கிராம் எள்ளும் சரியாத்தான் இருக்கும். இதுல கணக்கு ஒண்ணும் சொல்லாதுங்க. ரெண்டுமே போடுவாங்க. சுக்கு அடுத்த வரில வர்றதால வாசனைச் சாமான் வரிசைன்னு ஏலமா இருக்கலாம். ஆனா எள்ளும் சுக்கும் சேர்த்துப் போடுற வீடும் உண்டு.

வாடிப்பட்டி வாத்தியார்
வைகைக்கரை தம்பி, அந்த இடத்துல ‘எள் / ஏல (தெளிவில்லை)’ன்னு அடிச்சு விடு.

மணி ஆரப்பாளையம்
இந்தத் தடவை நான் சரியாச் சொல்றேன். நாலால வகுக்கணும். அரிசி 335 கிராம், வெல்லம் 260 கிராம், தண்ணி 50 மில்லி, நாள் முக்கால்.

திருநகர் சமையல்
நாளை வகுக்காதீங்க தம்பி! மூணு நாள் மூணு நாள்தான். மாவு பாகுல ஊறி இளகி ஒண்ணு சேர்றதுக்கான நேரம் அது, ஒரு கிண்ணம் இருந்தாலும் ஒரு அண்டா இருந்தாலும் அதேதான்.

அரிசியும் வெல்லமும் நீங்க சொன்னது சரி. தண்ணி 50 மில்லியே இருக்கணும்னு இல்லை. வெல்லம் கரையத்தான் தண்ணி, மிச்சம் கொதிச்சுப் போயிரும். பாகு நின்ன பதம்தான் முக்கியம். ஆனா குறைச்சுச் செய்றவங்க ஏமாறுறது இங்கதான். ஒரு கிலோ வெல்லம் பதத்துக்கு வர நேரம் எடுக்கும், கரண்டி எடுத்துப் பாக்க, தண்ணில விட்டுப் பாக்க, யோசிக்க நேரம் இருக்கும். 260 கிராம் அகலமான வாணலில ஒரு நிமிஷத்துல இளசுலருந்து முத்தலுக்குப் போயிரும். நீங்க கிண்ணத்துல விட்டு உருட்டிப் பாக்குற நேரத்துல அடுப்புல இருக்கிறது மாறிரும்.

அதனால சின்னதா, அடி கனமான பாத்திரம். வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டிட்டு மறுபடி ஏத்துங்க, மண் போயிரும். நுரை பெருங்குமிழா வர ஆரம்பிச்சதும் தீயைக் குறைச்சிருங்க. ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் பாத்திரத்தை அடுப்புல இருந்து எடுத்துருங்க. தண்ணில விட்டா கரையக் கூடாது, விரலால கூட்டினா உருளணும், எடுத்து அமுக்கினா மெழுகு மாதிரி தட்டையாகணும். தட்டுல போட்டு ‘டங்’னு சத்தம் வந்தா அது கடலை மிட்டாய்க்குத்தான் ஆகும்.

மாவை ஒரேயடியாக் கொட்டாதீங்க. ரெண்டு கைப்பிடி தனியா வச்சுக்கங்க. கிளறி இறக்கும்போது தளதளன்னு கரண்டில இருந்து வழியணும். ‘இது ரொம்ப இளகலா இருக்கே’ன்னு பயந்து மிச்ச மாவையும் போட்டுருவோம், அதுதான் தப்பு. ஆற ஆற இறுகும். மறுநாளும் இளகலா இருந்தா அப்ப அந்த ரெண்டு கைப்பிடியைச் சேருங்க, ஈரம் போகாம ஈரத்துணில கட்டி வச்சிருந்தா.

செல்லூர்க்காரி
வெல்லம் எது வாங்குறது? கடைக்காரர் வெள்ளையா ஒண்ணு காட்டுறாரு, பழுப்பா ஒண்ணு காட்டுறாரு.

திருநகர் சமையல்
பாகு வெல்லம்னு கேட்டு வாங்குங்க. நான் அலங்காநல்லூர்ப் பக்கத்து மண்டை வெல்லம்தான் வாங்குவேன். ரொம்ப வெளுத்திருந்தா வேணாம், சர்க்கரை கலந்த வெல்லத்துல அதிரசம் ஆறினதும் விறைச்சுப் போகும். நுனி நாக்குல வச்சா உப்புக் கரிக்குதா பாருங்க, கரிச்சாலும் வேணாம்.

செல்லூர்க்காரி
நாலு நாள் கழிச்சு வர்றேன். கால்வாசிதான் செஞ்சேன். பாகு ஒரு நொடி கூடுதலா முத்திப் போச்சுன்னு நினைக்கிறேன், மாவு மூணாவது நாள் கெட்டியா, விண்டா வெடிக்கிற மாதிரி இருந்துச்சு.

திருநகர் சமையல்
வெதுவெதுன்னு பால் ஒரு கரண்டி தெளிச்சுப் பிசைஞ்சு ஒரு மணி நேரம் மூடி வைங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாருங்க. ஓரம் வெடிச்சா இன்னும் ஒரு கரண்டி. பால் தெளிச்சதை அன்னைக்கே சுட்டுருங்க, மாவா வச்சா கெட்டுரும்.

செல்லூர்க்காரி
ரெண்டு கரண்டி பால் ஆச்சு. முதல் ரெண்டு வெடிச்சுச்சு, அப்புறம் சரியா வந்துச்சு. மொத்தம் 21. ரெண்டு கரண்டிக்கு நடுவுல அமுக்கி எண்ணெயைப் பிழிஞ்சு எடுத்தேன், கார்டுல எழுதலைன்னாலும் அப்பத்தா அப்படித்தான் செய்யும், அது எனக்கு ஞாபகம் இருக்கு.

எள் விஷயம் முடியலை. அம்மாகிட்டக் கேட்டேன், “உங்க அப்பத்தா எள்ளு இல்லாம அதிரசம் சுட்டதே இல்லை”ங்கிறாங்க. கார்டு போன பெரியத்தைக்கு போன் போட்டா, “எங்க வீட்ல எள்ளு எமனுக்குத்தான்டி, அது ஏலக்காய்”னு சத்தம் போடுறாங்க. நான் பாதி மாவுல எள்ளு, பாதில ஏலம் போட்டேன். பெரியத்தை ஞாயித்துக்கிழமை வர்றாங்க. எதை முதல்ல எடுத்து வைக்கிறதுன்னுதான் யோசனை.

மணி ஆரப்பாளையம்
21ல எத்தனை மிச்சம் இருக்கு அக்கா?

செல்லூர்க்காரி
ஒம்போது. அதுல ஏலம் நாலு.